நீங்கள் போடும் பணம் குறையலாம்

நாங்கள் விற்பது, பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குச் சந்தையில் முதலிடும் ஒரு யூனிட் ட்ரஸ்ட். இந்தியத் தொலைக்காட்சிகளில் மியூச்சுவல் ஃபண்ட் என்று நீங்கள் கேட்பது இதைத்தான். இதில் போடும் பணத்தின் பெறுமதி சந்தையோடு ஏறும், சந்தையோடு இறங்கும். போட்டதைவிடக் குறைவாகவும் உங்கள் கைக்குத் திரும்பி வரலாம். இவ்வளவு கிடைக்கும் என்று நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை. எங்கள் முகவர் யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். இது வங்கி வைப்பு அல்ல. வங்கி வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை இருக்கிற வைப்புக் காப்புறுதி இதற்குக் கிடையாது.

மேலே உள்ள பத்தியைத்தான் இந்தத் தாளிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். எங்கள் பழைய விளம்பரத்தில் அது கடைசி வரியாக இருந்தது. கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படம், அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளர்ச்சி வீதம், அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அந்தத் தாள் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை கடைகளில் மாதக்கணக்கில் தொங்கியது.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான அம்மா ஒருவர் அந்தத் தாளோடு எங்கள் ஹட்டன் அலுவலகத்துக்கு வந்தார். சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்திருந்தது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, மேல இருக்கிறத எம் பேத்தி வாசிச்சிச் சொல்லிட்டா. கீழ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே, அது என்னா?” என்று கேட்டார். மேசையில் இருந்த எங்கள் அலுவலர் அதை வாசித்துக் காட்டினார். “அப்ப கொறையவும் செய்யுமா?” என்றார் அந்த அம்மா. ஆம் என்றதும் பணப் பையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

முப்பது வருசத்துக்கு மேல் மலையேறி இறங்கிச் சேர்த்த பணம் அது. அதைப் பற்றி அவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தியை நாங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தோம். அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம். பழைய தாள்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டோம். எங்காவது இன்னும் தொங்கினால் கழற்றிவிடுங்கள்.

உள்ளங்கை அகலத்தில் இருந்த அந்த வளர்ச்சி வீதத்தையும் எடுத்துவிட்டோம். அது பொய்க் கணக்கு இல்லை. ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் அதன் பலமே இருக்கிறது. கொழும்பு பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021 முடிவில் சுமார் 12,200 புள்ளியில் நின்றது. 2022 முடிவில் சுமார் 8,500க்கு இறங்கியது. 2024 முடிவில் சுமார் 15,900க்கு ஏறியது. 8,500லிருந்து எண்ணினால் இரண்டு வருசத்தில் 87 சதவீத வளர்ச்சி. 12,200லிருந்து எண்ணினால் மூன்று வருசத்தில் 30 சதவீதம். சந்தை ஒன்றுதான், முடிவு நாளும் ஒன்றுதான். விளம்பரம் எழுதுகிறவர் முதல் கணக்கைத்தான் எடுப்பார். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். அந்த 30 சதவீதத்தை வைத்துக்கூட ஒருவர் முன்னேறிவிட்டார் என்று சொல்ல முடியாது. இடையில், 2022 செப்டெம்பரில், கொழும்பில் பொருள் விலை முந்தைய வருசத்தைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடியிருந்தது. மாவும் மண்ணெண்ணெயும் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை மலையகத்தில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை.

சரி, குறையும் என்றால் எப்படிக் குறையும்? ஓர் உதாரணம்.

ஒருவர் 1,00,000 ரூபா போடுகிறார். அந்தப் பணத்துக்கு நிதியத்தின் அலகுகளை, அதாவது யூனிட்டுகளை, வாங்குகிறார். அன்று ஓர் அலகின் விலை 25 ரூபா. அவருக்கு 4,000 அலகுகள் கிடைக்கும். சந்தை விழுந்து அலகு விலை 17 ரூபா 50 சதம் ஆகிறது. அலகு அதே 4,000தான். ஆனால் அன்று விற்றால் கையில் 70,000 ரூபா. முப்பதாயிரம் போய்விட்டது. 2022ல் சுட்டெண் இறங்கியதும் ஏறத்தாழ இதே அளவு, ஒரே வருசத்துக்குள். இப்போது அவர் பழைய இடத்துக்கு வர விலை 30 சதவீதம் ஏறினால் போதாது, 43 சதவீதம் ஏற வேண்டும். சிறு தொகையிலிருந்து ஏறுவதால் அப்படி. இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். “விழுந்த அளவு ஏறினால் சரியாகிவிடும்” என்று எங்களிடம் வருகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள்.

எங்கள் முகாமைக் கட்டணம் வருசத்துக்கு 2 சதவீதம். அலகு விலையிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும், தனியாக உங்களிடம் கேட்க மாட்டோம். சந்தை இறங்கிய வருசத்திலும் அது கழியும். மேலே சொன்னவரின் 70,000 ரூபா ஒரு வருசம் அப்படியே நின்றால், அந்த வருசத்துக்கு எங்களுக்குச் சுமார் 1,400 ரூபா போகும்.

பணம் கேட்ட நாளில் கைக்கு வராமலும் போகலாம். சாதாரண நாட்களில் விற்பனைப் படிவம் தந்த சில வேலைநாட்களில் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் சந்தையே மூடிவிட்டால் பங்குகளை விற்க வழியில்லை. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் கடைசிப் பகுதியில் மூடிய சந்தை மே 11ஆம் திகதிதான் திறந்தது. 2022 ஏப்ரலில், நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திய அடுத்த வாரம், 18 முதல் 22 வரை ஐந்து நாட்கள் வியாபாரம் நிறுத்தப்பட்டது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை இங்கே போட வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

தோட்டக் குடும்பங்களுக்கு இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெருந்தோட்டக் கம்பனிகள் பலவற்றின் பங்குகள் கொழும்பு சந்தையில் விற்பனையாகின்றன. எங்கள் நிதியமும் அவற்றில் சிலதை வாங்கியிருக்கிறது. 2021ல் இரசாயன உரத்துக்குத் தடை வந்த பின் தேயிலை விளைச்சல் விழுந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் கொழுந்து குறைந்து உங்கள் வீட்டு வருமானமும் குறையும், தோட்டக் கம்பனிப் பங்கு விலையோடு இந்த அலகு விலையும் குறையலாம். இரண்டும் ஒரே நேரத்தில். கொழும்பில் கடை வைத்திருப்பவருக்கு இல்லாத இடர் இது. நாங்கள் வாங்கியிருக்கும் பங்குகளின் பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வந்து பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் இதை ஏன் விற்கிறோம்? ஆயிரம் ரூபா வைத்திருப்பவர் தனியாகச் சந்தைக்குப் போய் இருபது கம்பனிகளின் பங்கை வாங்க முடியாது. பலருடைய பணத்தை ஒன்று சேர்த்தால் முடியும். ஒரு கம்பனி விழுந்தாலும் மற்றவை தாங்கலாம். பல வருசம் காத்திருக்கக்கூடியவருக்கு, இடையில் இறங்கினாலும் பதறி விற்காதவருக்கு, இது வங்கி வட்டியைவிடக் கூடுதலாகத் தரலாம். தராமலும் போகலாம். நிதியத்தின் பங்குகளும் காசும் எங்கள் கையில் இல்லை, பொறுப்பாளராக இருக்கும் வங்கியிடம் எங்கள் சொத்தோடு சேராமல் தனியாக இருக்கின்றன. நாங்கள் உங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடாமல் பார்ப்பது அந்த வங்கியின் வேலை. விலை விழுவதை அதனாலும் தடுக்க முடியாது. இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமத்தோடு நடத்துகிறோம். அந்த உரிமமும் இலாபத்துக்கான உத்தரவாதம் அல்ல.

மகளின் கல்யாணம் அடுத்த வருசம் என்றால் அந்தப் பணத்தைக் கொண்டுவராதீர்கள். வீட்டுக் கூரைக்கு வைத்த பணத்தையும் கொண்டுவராதீர்கள். நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ, எடுத்த சீட்டை அப்படியே தூக்கியோ யாராவது வந்தால் நாங்கள் வாங்க மாட்டோம். சேமலாப நிதி முழுவதையும் ஒரே நாளில் போட வருகிறவரை ஒரு வாரம் கழித்து, வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்வோம். ஐந்து வருசத்துக்குத் தேவைப்படாத பணம், குறைந்தாலும் அடுப்பு எரியும் என்கிற பணம் இருந்தால் மட்டும் வாருங்கள். 1,000 ரூபாவிலிருந்து தொடங்கலாம்.

வானொலி விளம்பரத்தையும் மாற்றியிருக்கிறோம். எச்சரிக்கையை மூச்சுவிடாமல் ஓட்டுகிற அந்தப் பழக்கம் நம் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி என்ற அமைப்பின் விதி, ஆங்கிலத்தில் 14 சொற்கள் உள்ள எச்சரிக்கையைக் குறைந்தது 5 விநாடி சொன்னால்தான் தெளிவு என்று உதாரணம் காட்டுகிறது. தமிழில் எங்களுக்கு அந்த 5 விநாடியும் போதாது என்று பட்டது. 30 விநாடி விளம்பரத்தில் பாதிக்கு மேல் எச்சரிக்கைக்குக் கொடுத்திருக்கிறோம், பின்னால் பாட்டு இல்லாமல். இனி நீங்கள் கேட்கப்போவது இது:

“வணக்கம். இது பங்குச் சந்தையில் முதலிடும் யூனிட் ட்ரஸ்ட் பற்றிய விளம்பரம். முதலில் ஒன்று கேளுங்கள். இதில் போடும் பணம் குறையலாம். போட்டது முழுவதும் திரும்பி வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. இது வங்கி வைப்பு இல்லை. அவசரத்துக்கு வைத்த பணத்தை இதில் போட வேண்டாம். நீண்ட காலம் காத்திருக்க முடிந்தால், ஹட்டனில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து விளக்கக் கையேட்டை வாசித்துக் கேளுங்கள்.”

தொலைபேசியிலோ தோட்டத்துக்கு வந்தோ நாங்கள் யாரையும் சேர்ப்பதில்லை. அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை திறந்திருக்கும். வேலைநாளில் அன்றைய பேரையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்காக மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறும் மதியம் 1 மணி வரை இருப்போம். அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். வாசிக்கச் சிரமம் என்றால் மகனையோ பேத்தியையோ கூட்டி வாருங்கள். தனியாக வந்தால் கையேடு முழுவதையும் நாங்களே வாசித்துக் காட்டுவோம், ஒன்றரை மணி நேரம் ஆகும். கேட்டு முடித்த அன்றே கையெழுத்து வாங்க மாட்டோம். படிவத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாம்.