தீபாவளி, பொங்கல் தேதி: லண்டனில் இருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

பாபநாசம்
21.9.2025

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். இன்று மகாளய அமாவாசை, காலையிலிருந்து அடுப்படி வேலை சரியாக இருந்தது. இப்போதுதான் உட்கார்ந்தேன். தீபாவளி 20-ஆ 21-ஆ, பொங்கல் 14-ஆ 15-ஆ என்று நீ கேட்டதற்கு போனில் ஒரு வரியில் சொன்னால் மறுபடியும் குழம்புவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் தீபாவளி. அக்டோபர் 20, திங்கட்கிழமை, ஐப்பசி 3. இதில் சந்தேகமே வேண்டாம். உன் ஆபீசில் இருக்கும் மும்பைக்காரர் 21 என்று சொன்னதும் தப்பில்லை. அவர்களுக்கு லட்சுமி பூஜைதான் பெரிது, அதற்கு அமாவாசை வேண்டும். அமாவாசை 20-ஆம் தேதி மதியம் 3.44-க்குப் பிறந்து மறுநாள் மாலை 5.54 வரை இருக்கிறது. அதனால் வடக்கே சிலர் 20 என்கிறார்கள், சிலர் 21 என்கிறார்கள். நமக்கு அந்த வம்பே இல்லை. நரக சதுர்த்தசி இருக்கும் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதுதானே நம் தீபாவளி? சதுர்த்தசி 19-ஆம் தேதி மதியத்திலிருந்து 20 மதியம் வரை. நடுவில் வரும் விடியல் ஒன்றே ஒன்றுதான்.

அன்றைக்கு நீ லீவு போட்டாக வேண்டும், திங்கட்கிழமை. நாங்கள் ஐந்து மணிக்குச் சீயக்காயும் கையுமாக நிற்கும்போது உனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. அப்போது கூப்பிடாதே, சித்தப்பா யாருக்கும் தலை காய விடமாட்டார்! உன் ஊரில் விடிந்து நீ குளித்த பிறகு கூப்பிடு, இங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும்.

போன வருஷம் அக்டோபர் 31, இந்த வருஷம் 20, அடுத்த வருஷம் நவம்பர் 8. ஏன் இப்படிக் குதிக்கிறது என்று கேட்டிருந்தாய். சந்திரக் கணக்கு வருஷத்துக்குப் பதினோரு நாள் போல முன்னால் ஓடும். ரொம்ப ஓடிவிட்டால் ஓர் அதிக மாதத்தைச் சேர்த்து இழுத்து நிறுத்துவார்கள். அடுத்த வருஷம் அது நடக்கிறது.

பொங்கல் அப்படி ஓடாது, அது சூரியனோடு போகிற பண்டிகை. ஆனாலும் நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஜனவரி 14 என்று இருந்ததைப் பார்த்து அம்மா பதறிவிட்டாள். நம் வீட்டுப் பொங்கல் 15-ஆம் தேதி, வியாழக்கிழமை. 14 போகி, 16 மாட்டுப் பொங்கல், 17 காணும் பொங்கல்.

விஷயம் என்னவென்றால், பஞ்சாங்கம் இரண்டு வகை. திருக்கணிதப்படி சூரியன் மகரத்துக்குள் நுழைவது 14-ஆம் தேதி மதியம் 3.13. பொழுது சாய்வதற்குள் நுழைந்துவிட்டால் அன்றே தை முதல் நாள் என்பது முறை, அதனால் இணையத்தில் 14 என்று காட்டுகிறது. நம் வீட்டிலும் கோயிலிலும் பார்ப்பது வாக்கியம், அந்தப் பாம்புப் பஞ்சாங்கம்தான். அதன் கணக்கில் சூரியன் நுழைவதே இருட்டிய பிறகு. ஆகவே தை பிறப்பது மறுநாள், 14-ஆம் தேதி மார்கழி 30. 2026 தினசரி காலண்டர் இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் விசுவாவசு பஞ்சாங்கம் சித்திரையிலேயே வாங்கியாகிவிட்டது, அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எது சரி என்று என்னிடம் சண்டைக்கு வராதே. தெருவே 15-இல் பானை வைக்கும்போது நாம் மட்டும் முந்தினநாள் குலவை போட முடியுமா?

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன். 14 இரவு வந்திறங்கி 16 கிளம்புவதாகச் சொன்னாய். அது வேண்டாம். 13-ஆம் தேதியே திருச்சியில் இறங்கு, 18 ஞாயிறு கிளம்பு. மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்க ஆள் இல்லை, போன தடவை நானே அடித்துப் புடவையை நாசம் பண்ணிக்கொண்டேன். மருமகளுக்கும் காணும் பொங்கலன்று பெரியவர்கள் எல்லாரிடமும் ஆசி வாங்க ஒரு நாள் வேண்டாமா?

ஒருவேளை லீவு கிடைக்காமல் அங்கேயே பொங்கல் வைப்பதானால் 15 காலை, உன் ஊர்ச் சூரியன் எழும்போது வை. இங்கே பால் பொங்கும் நேரத்துக்கு உனக்கு இரவு ஒரு மணிதான் ஆகியிருக்கும். அக்டோபர் கடைசியில் உங்கள் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அப்புறம் வித்தியாசம் ஐந்தரை மணி என்பதை நினைவில் வை.

டிக்கெட் போட்டதும் சித்தியிடம் சொல்லிவிடு. இஞ்சிக்கொத்து, மஞ்சள்கொத்துக்குச் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தீபாவளி லேகியம் மட்டும் இப்போதே வேண்டுமா என்று எழுது, அக்டோபர் முதல் வாரம் பார்சல் போட்டால்தான் உனக்கு நேரத்துக்குக் கிடைக்கும்.

அன்புடன்,
மீனா அக்கா