புதன்கிழமைக்கான பஸ், மெட்ரோ நேரமும் வழியும்

அத்தை,

மாரத்தஹள்ளி பஸ் ஸ்டாப்பில் நீங்கள் எடுத்து அனுப்பிய ஃபோட்டோ தெளிவாகவே இருக்கிறது. முழுக்கக் கன்னடம் என்பதால் தமிழில் எழுதித் தருகிறேன். உங்கள் முட்டி வலியை மனதில் வைத்துத்தான் வழியையும் போட்டிருக்கிறேன். மாமாவையும் ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள்.

பஸ்: 335இ, மெஜஸ்டிக் போவது (டொம்ளூர், கார்ப்பரேஷன் வழி)
திங்கள் முதல் சனி வரை காலையில் புறப்படுவது: 6.10, 6.25, 6.40, 6.55, 7.10
அதற்குப் பிறகு: 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒன்று
ஞாயிறு, விடுமுறை நாட்கள்: 20 நிமிடத்துக்கு ஒன்று
அடியில் சின்ன எழுத்தில்: போக்குவரத்து நெரிசலால் நேரம் மாறலாம்

அந்தச் சின்ன எழுத்தை நம்புங்கள். எட்டு மணிக்கு மேல் ஹெச்.ஏ.எல். பக்கம் வண்டி நகராது. அதனால் 6.40 பஸ். இதே எண்ணில் எதிர்ப்பக்கம் காடுகோடி போகிற பஸ்ஸும் உண்டு, எண்ணை மட்டும் பார்த்து ஏறிவிடாதீர்கள்.

மெட்ரோ (பச்சை, ஊதா இரண்டுக்கும்)
முதல் ரயில்: திங்கள் காலை 4.15, மற்ற நாட்கள் 5 மணி, ஞாயிறு 7 மணி
கடைசி ரயில்: இரவு 11 மணிவாக்கில், வழித்தடத்தின் கோடியில் இருந்து

நடுப்பகலில் எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும். படி இறங்கி ஓட வேண்டாம், எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறது.

இனி புதன்கிழமை. வீட்டில் இருந்து ஸ்டாப்புக்கு நான் காரில் கொண்டு வந்து விடுகிறேன். பஸ்ஸில் முன்பக்க இருக்கைகள் பெண்களுக்கு, தயங்காமல் கேட்டு உட்காருங்கள். ஊரில் நீங்கள் இலவசமாகப் போய்ப் பழகியிருப்பீர்கள். இங்கேயும் 2023 ஜூன் முதல் சக்தி திட்டம் இருக்கிறது, ஆனால் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு மட்டும்தான். திருச்சி ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் ஏற்க மாட்டார், இரண்டு டிக்கெட் எடுங்கள்.

மெஜஸ்டிக் வரை போக வேண்டாம், கார்ப்பரேஷனில் இறங்குங்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இருந்து மெட்ரோவுக்குப் போவதற்குள் உங்கள் முட்டி கெஞ்சிவிடும். கார்ப்பரேஷனில் ஆட்டோ பிடித்து, "லால்பாக் எம்.டி.ஆர்." என்று சொன்னால் போதும், தமிழிலேயே புரிந்துகொள்வார்கள். மீட்டர் போடச் சொல்லுங்கள்.

காலைச் சாப்பாடு அங்கேயே. 1924-இல் தொடங்கிய ஹோட்டல், கூட்டம் இருக்கும். மாடிக்கு அனுப்பினால், கால் வலி, கீழேயே இடம் வேண்டும் என்று சொல்லிக் காத்திருங்கள். ரவா இட்லி சாப்பிடாமல் வராதீர்கள். உலகப் போர்க்காலத்தில் அரிசி கிடைக்காதபோது ரவையில் செய்து பார்த்தது என்று சொல்வார்கள்.

லால்பாக் 240 ஏக்கர், நடந்து பார்க்கிற இடமே இல்லை. நுழைவுச் சீட்டு வாங்கும்போதே பேட்டரி வண்டி கேளுங்கள். கண்ணாடி மாளிகைக்கு மட்டும் இறங்குங்கள், 1889-இல் அடிக்கல் நாட்டியது. அந்தப் பெரிய பாறையைக் கீழே இருந்தே பாருங்கள். மேலே ஏறலாம் என்று மாமா ஆரம்பிப்பார், விடாதீர்கள். பேட்டரி வண்டி கிடைக்கவில்லை என்றால், வாசலுக்குப் பக்கத்திலேயே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும்.

வெளியே வந்து லால்பாக் மெட்ரோ ஸ்டேஷனுக்கு மறுபடி ஆட்டோ. தூரம் குறைவு என்று ஒருவர் வர மாட்டேன் என்றால் அடுத்தவரைக் கேளுங்கள், நடக்காதீர்கள். பதினொன்றரைக்கு மாதாவரா போகிற பச்சை ரயிலில் ஏறுங்கள். நாலாவது ஸ்டேஷன் மெஜஸ்டிக். அங்கே லிஃப்ட்டில் ஊதா வழித்தடத்துக்கு மாறி, முகப்பில் ஒயிட்ஃபீல்டு என்று போட்ட ரயிலாகப் பார்த்து ஏறுங்கள், சில ரயில்கள் பாதியிலேயே நின்றுவிடும்.

ரயிலுக்குள் ஒரு விஷயம், இது முக்கியம். அறிவிப்பில் "முந்தின நில்தாண" என்று ஒரு பெயர் சொல்வார்கள். நம் காதுக்குப் போன ஸ்டேஷன் என்று கேட்கும், கன்னடத்தில் அது அடுத்த ஸ்டேஷன். அந்தப் பெயர் வந்ததும் எழுந்து தயாராகுங்கள். "எடக்கே" என்றால் இடப்பக்கக் கதவு திறக்கும், "பலக்கே" என்றால் வலப்பக்கம்.

மெஜஸ்டிக்கில் இருந்து இரண்டாவது ஸ்டேஷன் விதான சௌதா. தெம்பு இருந்தால் இறங்கி, லிஃப்ட்டில் மேலே வந்து கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மறுபடி உள்ளே போகத் தனிக் கட்டணம், பரவாயில்லை. அசதியாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஞாயிறு மாலை விளக்கு போட்டிருக்கும்போது நானே காரில் கூட்டிப் போகிறேன்.

இறங்க வேண்டியது குந்தலஹள்ளி. மெஜஸ்டிக்கில் இருந்து முக்கால் மணி ஆகும். ஏறினதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், லிஃப்ட் வாசலில் நிற்பேன்.

ஸ்மார்ட் கார்டு ஆளுக்கு ஒன்றாக இரண்டு, டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன், பணம் போட்டாச்சு. ஒரே கார்டில் இருவரும் நுழைய முடியாது. வெளியேறும்போதும் அதே கார்டைக் காட்ட வேண்டும், மாமாவின் கார்டையும் நீங்களே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.