மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியல்: அலகு மாற்றமும் முக்கிய எண்ணுருக்களும் (பயிற்சித் தேர்வு, விடை விளக்கத்துடன்)

நேரம்: 30 நிமிடம். மொத்த மதிப்பெண்: 36

ஒவ்வொரு வினாவுக்கும் 4 மதிப்பெண். தவறான விடைக்கு நீட் தேர்வில் உள்ளதுபோல 1 மதிப்பெண் கழியும். கால்குலேட்டர் அனுமதி இல்லை.

வினாக்களைப் பார்த்ததும் எளிதாகத் தெரியும். சூத்திரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தரப்பட்டுள்ள நான்கு விடைகளில் பெரும்பாலானவை அதே சூத்திரத்திலிருந்தே கிடைப்பவை. சரியானது எது என்பதை அலகும் எண்ணுருவும் மட்டுமே முடிவு செய்யும். எனவே எல்லா அளவுகளையும் முதலில் ஒரே அலகு முறைக்குக் கொண்டுவாருங்கள். இடைக்கணக்கில் தேவையானதைவிட ஓர் எண்ணுரு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியில் மட்டும் முழுமைப்படுத்துங்கள். நீக்கப்படும் இலக்கம் சரியாக 5 என்றால், அதற்கு முந்தைய இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் அப்படியே விடவேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டவேண்டும்.

வினாக்கள்

1. ஒரு பித்தளைத் துண்டின் நிறை 23.7 g, பருமன் 2.8 cm³. அதன் அடர்த்தி kg m⁻³ அலகில்:
(அ) 8.46 × 10³
(ஆ) 8.5
(இ) 8.5 × 10³
(ஈ) 8.464 × 10³

2. ஒரு தேக்குப் பலகையின் நீளம் 2.15 m, அகலம் 32.0 cm, தடிமன் 1.8 cm. அதன் பருமன்:
(அ) 1.2 m³
(ஆ) 1.2 × 10⁻² m³
(இ) 1.24 × 10⁻² m³
(ஈ) 1.238 × 10⁻² m³

3. 72.0 km h⁻¹ வேகத்தில் செல்லும் கார், தடை போட்டதும் 25 m தொலைவில் நிற்கிறது. சீரான எதிர்முடுக்கத்தின் மதிப்பு m s⁻² அலகில்:
(அ) 8
(ஆ) 8.00
(இ) 1.0 × 10²
(ஈ) 8.0

4. தொங்கவிடப்பட்ட கம்பியின் நீளம் 1.4982 m. எடை ஏற்றிய பின் அது 1.5004 m ஆகிறது. நீட்சித் திரிபு:
(அ) 1.5 × 10⁻³
(ஆ) 1.47 × 10⁻³
(இ) 1.468 × 10⁻³
(ஈ) 1.4684 × 10⁻³

5. காற்றழுத்தமானியில் பாதரசத் தம்பத்தின் உயரம் 76.0 cm. பாதரசத்தின் அடர்த்தி 13.6 g cm⁻³, g = 9.80 m s⁻². தரவுகளின்படி வளிமண்டல அழுத்தம்:
(அ) 1.013 × 10⁵ Pa
(ஆ) 1.01 × 10⁶ Pa
(இ) 1.01 × 10⁵ Pa
(ஈ) 1.0 × 10⁵ Pa

6. 1.3 × 10³ g நிறையுள்ள பொருள் 2.5 × 10² cm s⁻² முடுக்கம் பெறுகிறது. அதன்மீது செயல்படும் விசை:
(அ) 3.25 N
(ஆ) 3.2 N
(இ) 3.3 N
(ஈ) 3.2 × 10⁵ N

7. திருகு அளவியின் புரியிடைத் தூரம் 1 mm. தலைக்கோலில் 100 பிரிவுகள். சுழிப்பிழை +4 பிரிவுகள். கம்பியை வைத்து அளந்தபோது புரிக்கோல் அளவு 2 mm, தலைக்கோல் ஒன்றிப்பு 37. கம்பியின் விட்டம்:
(அ) 0.237 cm
(ஆ) 0.241 cm
(இ) 0.23 cm
(ஈ) 0.233 cm

8. 0.750 kW திறனுள்ள நீர் சூடேற்றி 40.0 நிமிடம் இயங்குகிறது. செலவான மின்னாற்றல் kWh அலகில்:
(அ) 0.500
(ஆ) 0.5
(இ) 30.0
(ஈ) 1.80 × 10⁶

9. 1983 ஜூலை 23 அன்று கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஒரு போயிங் 767 விமானம் புறப்படத் தயாராக நின்றது. பயணத்துக்குத் தேவையான எரிபொருள் 2.23 × 10⁴ kg. தொட்டியில் ஏற்கெனவே 7682 லிட்டர் இருந்தது. எரிபொருளின் அடர்த்தி லிட்டருக்கு 0.803 kg. மேலும் நிரப்பவேண்டிய எரிபொருள் எத்தனை லிட்டர்?
(அ) 4.92 × 10³
(ஆ) 1.61 × 10⁴
(இ) 2.00 × 10⁴
(ஈ) 2.01 × 10⁴

விடைகள்: 1 இ, 2 ஆ, 3 ஈ, 4 அ, 5 இ, 6 ஆ, 7 ஈ, 8 அ, 9 ஈ

விளக்கம்

வினா 1. 23.7 ÷ 2.8 = 8.464… பருமனில் இரண்டு முக்கிய எண்ணுருக்களே உள்ளன, விடையிலும் இரண்டுதான். 1 g cm⁻³ என்பது 10³ kg m⁻³. (ஆ)வை எழுதியவர் அலகைப் பார்க்கவில்லை. தண்ணீரின் அடர்த்தியே 1000 kg m⁻³ என்பது நினைவில் இருந்தால், 8.5 என்று குறிக்கக் கை வராது.

வினா 2. 2.15 × 0.320 × 0.018 = 0.012384 m³. தடிமன் 0.018 m என்பதில் முன்னால் உள்ள சுழிகள் முக்கிய எண்ணுருக்கள் அல்ல. எனவே இரண்டு எண்ணுருக்கள், 1.2 × 10⁻² m³. சென்டிமீட்டர் இரண்டு இடங்களில் வருகிறது, அதனால் 10⁴ ஆல் வகுக்கவேண்டும். ஒருமுறை மட்டும் 100 ஆல் வகுத்தவருக்கு (அ) கிடைத்திருக்கும். 1.2 கன மீட்டர் தேக்கு என்றால் அரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். ஒரு பலகைக்கு அது பொருந்துமா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

வினா 3. 72.0 km h⁻¹ = 20.0 m s⁻¹. a = v²/2s = 400 ÷ 50 = 8. கணக்கு முழு எண்ணாக வந்துவிட்டதால் பலரும் (அ)வைக் குறிப்பார்கள். தொலைவு 25 m என்பதில் இரண்டு எண்ணுருக்கள் இருப்பதால் விடை 8.0. சூத்திரத்தில் உள்ள 2 அளந்து பெற்ற எண் அன்று. மாற்றத்துக்குப் பயன்படும் 5/18 உம் அப்படியே. அவற்றை எண்ணுருக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வேகத்தை மாற்றாமல் 72 ஐயே இருமடியாக்கினால் (இ) வரும். அது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் பத்து மடங்கு. எந்தக் காரும் அப்படி நிற்பதில்லை.

வினா 4. இந்தத் தாளில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் வினா இது. இரண்டு நீளங்களும் ஐந்து எண்ணுருக்கள் கொண்டவை, அதனால் விடையும் ஐந்து எண்ணுருக்களில் வரவேண்டும் என்று தோன்றும். ஆனால் திரிபுக்குத் தேவை நீளத்தில் ஏற்பட்ட மாற்றம்: 1.5004 − 1.4982 = 0.0022 m. கழித்தலில் நாம் பார்ப்பது தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இடங்களை மட்டுமே. நான்கு தசம இடங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் எண்ணுருக்கள் ஐந்திலிருந்து இரண்டாகச் சுருங்கிவிட்டன. இதற்குப் பிறகு எதால் வகுத்தாலும் விடையில் இரண்டு எண்ணுருக்களுக்கு மேல் உரிமை இல்லை. 0.0022 ÷ 1.4982 = 1.468 × 10⁻³, அதாவது 1.5 × 10⁻³.

ஏறக்குறைய சமமான இரண்டு அளவுகளைக் கழிக்கும் எல்லா இடங்களிலும் இந்த இழப்பு உண்டு. ஆய்வகத்தில் கம்பியின் நீட்சியை மீட்டர் அளவுகோலால் அளக்காமல் வெர்னியர் பொருத்திய கருவியாலோ நகரும் நுண்ணோக்கியாலோ அளப்பது இதற்காகத்தான். நீளத்தை எவ்வளவு கவனமாக அளந்தாலும், சிறிய மாற்றத்தைத் துல்லியமாக அளக்காவிட்டால் யங் குணகம் துல்லியமாகக் கிடைக்காது.

வினா 5. P = hρg = 0.760 × 1.36 × 10⁴ × 9.80 = 1.0129 × 10⁵ Pa. மூன்று தரவுகளிலும் மூன்று எண்ணுருக்கள், விடை 1.01 × 10⁵ Pa. வளிமண்டல அழுத்தம் 1.013 × 10⁵ Pa என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு (அ) கண்ணில் பட்டவுடன் கை தானாகப் போகும். அந்த மதிப்பு உண்மையானதுதான், ஆனால் இங்கே தந்துள்ள தரவுகள் நான்காவது எண்ணுருவைத் தாங்காது. அலகை மாற்றாமல் 13.6 × 980 × 76.0 என்று பெருக்கினால் 1.01 × 10⁶ வரும். அதன் அலகு dyne cm⁻², பாஸ்கல் அன்று.

வினா 6. 1.3 kg × 2.5 m s⁻² = 3.25 N. இரண்டு எண்ணுருக்களாக்க 5 ஐ நீக்கவேண்டும். முந்தைய 2 இரட்டைப்படை, எனவே 3.2 N. ஐந்து வந்தால் எப்போதும் கூட்டுவது கீழ் வகுப்புகளில் பழகியது. எப்போதும் கூட்டிக்கொண்டே போனால் நீண்ட கணக்குகளில் விடைகள் ஒரே பக்கமாக, மேல்நோக்கிச் சாயும். அதைத் தவிர்க்கத்தான் இந்த விதி. நீக்கப்படும் பகுதி 5 க்குப் பின் வேறு இலக்கம் இருந்தால், 3.251 போல, இந்த விதி பொருந்தாது, அங்கே 3.3 தான் சரி. (ஈ) சரியான எண்ணைக் கொண்டிருந்தாலும், அதன் அலகு டைன் ஆக இருந்திருக்கவேண்டும்.

வினா 7. மீச்சிற்றளவு 0.01 mm. 2 + 0.37 − 0.04 = 2.33 mm = 0.233 cm. நேர்ச் சுழிப்பிழையைக் கழிக்கவேண்டும். அலகு மாறுவதால் எண்ணுரு குறையாது. மில்லிமீட்டரில் மூன்று என்றால் சென்டிமீட்டரிலும் மூன்று.

வினா 8. 40.0 நிமிடம் = 2/3 மணி. விடை 0.500 kWh. கடைசி இரண்டு சுழிகளை அழகுக்காக எழுதவில்லை, அளந்ததால் எழுதுகிறோம். (ஈ) ஜூலில் சரியான விடை, ஆனால் கேட்டது kWh.

வினா 9. தொட்டியில் இருந்தது 7682 × 0.803 = 6169 kg. இன்னும் தேவை 22300 − 6169 = 16131 kg. கழித்தலுக்குப் பின் மூன்று எண்ணுருக்களே நம்பத்தக்கவை என்றாலும் 1.613 × 10⁴ என்று ஒன்றைக் கூடுதலாக வைத்து 0.803 ஆல் வகுத்தால் 20087, விடை 2.01 × 10⁴ லிட்டர். அவசரப்பட்டு 1.61 × 10⁴ ஆக்கிவிட்டு வகுத்தவர்களுக்கு 20050 க்குச் சற்றுக் குறைவாக வந்து, 2.00 × 10⁴ என்ற தவறான விடை கிடைத்திருக்கும். இடையில் முழுமைப்படுத்தக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

இனி (அ). அது நான் புனைந்த எண் அன்று. அன்று உண்மையிலேயே போடப்பட்ட கணக்கின் விடை. அந்த விமான நிறுவனத்தில் மெட்ரிக் அலகில் எரிபொருளைக் காட்டிய முதல் ரகம் போயிங் 767. அன்று எரிபொருள் அளவுமானி வேலை செய்யாததால் கையால் கணக்கிட்டார்கள். லிட்டருக்கு 0.803 kg என்பதற்குப் பதிலாக, பழகிய 1.77 ஐப் பயன்படுத்தினார்கள். 1.77 என்பது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். 7682 × 1.77 = 13597; 22300 − 13597 = 8703; 8703 ÷ 1.77 = 4917. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. கிலோகிராமிலிருந்து பவுண்டைக் கழித்ததுதான் பிழை.

விமானம் புறப்பட்டபோது அதில் இருந்த எரிபொருள் (7682 + 4917) × 0.803, அதாவது சுமார் 10,100 kg. தேவையில் பாதிகூட இல்லை. நடுவானில், ஏறத்தாழ 41,000 அடி உயரத்தில், இரண்டு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றன. விமானிகள் எஞ்சின் இல்லாமலேயே மிதக்கவைத்து, மானிடோபா மாகாணத்தின் கிம்லியில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். அதில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

உங்கள் விடைத்தாளில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதினால்தான் மதிப்பெண் என்று நான் பிடிவாதமாக இருப்பது இந்தக் கணக்கினால்தான். 22300 kg − 13597 lb என்று அலகோடு எழுதியிருந்தால், கழிக்கும் முன்பே யாராவது நிறுத்தியிருப்பார்கள்.

இந்தத் தாளில் தவறவிட்ட வினாக்களை மட்டும், ஒவ்வொரு வரியிலும் அலகோடு, வெள்ளிக்கிழமைக்குள் மீண்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். 4, 9 ஆகிய இரண்டையும் எல்லாரும் எழுதவேண்டும்.