டி-20 புளூடூத் ஸ்பீக்கர், 149 வெள்ளி: பெட்டியில் போட்ட எண்ணும் கடையில் அளந்த எண்ணும்

உருளை வடிவம், 18 செ.மீ. நீளம், 7 செ.மீ. விட்டம், 780 கிராம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். சுற்றிலும் துணி வலை, இரண்டு முனையிலும் பாட்டுக்குத் துடிக்கும் ரப்பர் தட்டு, முதுகில் ஐந்து பொத்தான். கறுப்பு மட்டும்தான் வைத்திருக்கிறோம். சிவப்பும் வந்தது, ஆனால் இரண்டு மாதத்தில் வெயிலில் வெளுத்துப்போனதால் அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

பெட்டியில் நான்கு எண்களைப் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள்: 40 வாட், 20 மணி நேரம், ஐபிஎக்ஸ்7, 30 மீட்டர். வந்த சரக்கிலிருந்து மூன்று ஸ்பீக்கரைப் பிரித்து, லெபு பாசாரில் இருக்கும் எங்கள் கடையை அடைத்த பிறகு நான்கு இரவு டெசிபல் மீட்டரும் கடிகாரமும் வைத்துப் பார்த்தோம். நான்கு எண்ணில் ஒன்றுதான் அச்சடித்தபடியே நின்றது. மற்ற மூன்றும் என்ன ஆனது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். படித்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் எங்களுக்கு வருத்தமில்லை. வாங்கிப்போய் மறுநாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்தால்தான் வருத்தம்.

சத்தம்

40 வாட் என்பது கண் சிமிட்டும் நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து தாங்குவது 20 வாட். பாதிதானே என்று மலைக்க வேண்டாம். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். நம் காதுக்கு "இரண்டு மடங்கு" என்று படவேண்டுமானால் 10 டெசிபல் அளவுக்கு ஏறவேண்டும். அதனால் வாட்டை விட்டுவிட்டு டெசிபலைப் பாருங்கள்.

ஒரு மீட்டர் தள்ளி வைத்து அளந்தோம். முழுச் சத்தத்தில் 91, எழுபது விழுக்காட்டில் 84, பாதியில் 76. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 91 கொடுப்பது நான்கு மீட்டரில் 79தான். அடுக்குமாடி வீட்டு ஹாலுக்கு இது தாராளம், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அஞ்சடியில் நாற்காலி போட்டு பதினைந்து இருபது பேர் உட்கார்ந்து பேசும் பிறந்தநாளுக்கும் போதும். அதற்கு மேல் போதாது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் வருடா வருடம் இதைத்தான் கேட்டு வருகிறார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறோம். தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் உறுமியும் கோஷமும் இருக்கும் இடத்தில் இது வாயசைப்பதுதான் தெரியும். கல்யாண மண்டபத்துக்கும் அதே பதில்.

ஒலியின் தரத்தையும் சொல்லவேண்டும். பாதிச் சத்தம்வரை பாட்டு வட்டமாக, இதமாக இருக்கிறது. எண்பது விழுக்காட்டைத் தாண்டியதும் ஸ்பீக்கர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தொனியைத் தானே குறைத்துக்கொள்கிறது. சிறிய ஸ்பீக்கர்களில் இது வழக்கம். எங்கள் கடையில் சோதனைக்குப் போடுவது நாதஸ்வரமும் தவிலும்தான். முழுச் சத்தத்தில் வலந்தலை சுள்ளென்று வருகிறது, தொப்பி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் ஆகிவிடுகிறது. நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கீச்சிடும். பேச்சு, பக்திப் பாடல், பழைய சினிமாப் பாட்டு கேட்பவர்களுக்கு இந்தக் குறை கண்ணில் படாது. குத்துப்பாட்டுக்கு நெஞ்சு அதிரவேண்டும் என்பவர்கள் இதைவிடப் பெரியதாகப் பாருங்கள். 45 மி.மீ. அளவுள்ள இரண்டு சிறு ஸ்பீக்கரால் அது முடியாது.

பேட்டரி

20 மணி நேரம் என்பதற்குப் பக்கத்தில் எறும்பளவு நட்சத்திரக் குறி ஒன்று உண்டு. விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தால் "முப்பது விழுக்காடு சத்தத்தில், விளக்கு அணைத்த நிலையில்" என்று கீழே எழுதியிருக்கிறது. முப்பது விழுக்காட்டில் அடுப்படியில் குழம்பு தாளித்தால் பாட்டு கேட்காது. நாங்கள் பார்த்தது இது: பாதிச் சத்தத்தில் 14 மணி 20 நிமிடம், எழுபது விழுக்காட்டில் 9 மணி 10 நிமிடம், முழுச் சத்தத்தில் 4 மணி 15 நிமிடம். மூன்று ஸ்பீக்கரில் குறைவாக ஓடியதன் கணக்கைத்தான் போட்டிருக்கிறோம். ஓரத்தில் மின்னும் வண்ண விளக்கை எரியவிட்டால் பாதிச் சத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம் போய்விடும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர அந்த விளக்கால் வேறு பயன் இல்லை. விளக்குப் பொத்தானை இரண்டு முறை தட்டினால் அணையும்.

உள்ளே இருப்பது 5000 எம்.ஏ.எச். லித்தியம் பேட்டரி, அதாவது 18.5 வாட்-மணி. விமானத்தில் கைப்பையில் எடுத்துப்போகும் வரம்பான 100 வாட்-மணிக்கு இது வெகு கீழே, ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் பயப்பட வேண்டாம். காலியானதிலிருந்து நிறைய 3 மணி 10 நிமிடம் ஆகிறது. உங்கள் போனின் வேக சார்ஜரைச் செருகினாலும் அதே நேரம்தான், 10 வாட்டுக்கு மேல் இது இழுப்பதில்லை. டைப்-சி வயர் பெட்டியில் உண்டு. மூன்று கால் அடாப்டர் இல்லை. வீட்டில் கிடக்கும் எந்தப் போன் அடாப்டரும் போதும், புதிதாக வாங்கவேண்டாம்.

இந்த மணிக்கணக்கு புதுப் பேட்டரிக்கு. லித்தியம் பேட்டரி சில நூறு முறை நிறைந்து காலியானபின் மெல்லத் தேயும், இரண்டு மூன்று வருடத்தில் பாதிச் சத்தத்துக்குப் பத்துப் பதினோரு மணி நேரம் என்று எதிர்பாருங்கள். சூடு இன்னும் சீக்கிரம் கொல்லும். மத்தியானத்தில் வெளியே நிறுத்திய காரின் டேஷ்போர்டில் விட்டுப்போகாதீர்கள். பேட்டரி தீரப்போகும்போது ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்லும், இல்லையென்றால் சீனத்தில். தமிழ் இல்லை.

தண்ணீர்

மாறாமல் நின்ற எண் இதுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே கெடுக்கும் அளவுக்கு நீர் புகக்கூடாது. கடைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் பிடிக்கும் நீல டிரம்மில் மூன்றையும் கல் கட்டாமலே போட்டோம். கல் தேவைப்படவில்லை, தானாகவே மூழ்கும். அரை மணி கழித்து எடுத்ததும் மூன்றும் பாடின, குரல் மட்டும் மூக்கடைத்ததுபோல் இருந்தது. நிமிர்த்தி வைத்து வலையில் தேங்கிய நீர் வடிந்ததும் ஒரு மணி நேரத்தில் சரியானது. மிதக்காது என்பதை மறுபடி சொல்கிறோம், படகிலிருந்து விழுந்தால் விழுந்ததுதான்.

இனி அந்த எண் சொல்லாதவை. நடுவில் இருக்கும் "எக்ஸ்" என்பதற்குத் தூசி சோதனை செய்யவில்லை என்று பொருள். பத்து பெரிங்கி மணலில் உருட்டினால் பொடி மணல் பொத்தான் இடுக்கிலும் சார்ஜ் துளையிலும் உட்காரும், அதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. சோதனை நல்ல தண்ணீரில் நடந்தது, உப்புத் தண்ணீரிலும் குளோரின் குளத்திலும் அல்ல. கடலில் நனைந்தால் அன்றே குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். மூழ்குவதைத் தாங்குவதால் பீய்ச்சுவதையும் தாங்கும் என்று நினைக்கக்கூடாது, கார் கழுவும் ஜெட்டுக்கு வேறு எண் உண்டு, அது இதில் இல்லை. குளியலறை, திடீர் மழை, தே தாரிக் கொட்டுவது எல்லாம் பரவாயில்லை. தே தாரிக் என்றால் கழுவிவிடுங்கள், சீனி ஒட்டிப் பொத்தான் சிக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை, சார்ஜ் துளையின் ரப்பர் மூடி முழுக்க அழுந்தியிருக்கவேண்டும். ஈரத்தோடு சார்ஜ் போடக்கூடாது. மாடிப்படியில் உருண்டு விழுந்த ஸ்பீக்கரைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், உடம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த எண் செல்லாது.

போனோடு இணைப்பது

திருப்பிக் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் கொண்டுவருவது இதனால்தான். அதனால் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

புளூடூத் பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால் நீல விளக்கு வேகமாக மின்னும், போனில் T20-SPK என்ற பெயர் வரும். கடவு எண் கேட்காது. இது வசதியும்தான், தொல்லையும்தான். தெரிந்த போன் எதுவும் பக்கத்தில் இல்லாமல் ஆன் செய்தால் ஸ்பீக்கர் தானே இணைப்புக்குக் காத்திருக்கும், அந்த நேரத்தில் அடுத்த வீட்டுப் பையன் தன் பாட்டை உங்கள் சாமி மேடையில் ஒலிக்கவிடலாம். ஐந்து நிமிடத்தில் யாரும் இணையாவிட்டால் அடங்கிவிடும்.

எட்டு போன்களை நினைவில் வைக்கும். ஒன்பதாவது வந்தால் முதலில் சேர்ந்தது மறந்துபோகும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு போன்தான். இரண்டு போனை ஒருசேரப் பிடித்துக்கொள்ளும் வசதி இதில் இல்லை. அப்பா போன் இணைந்திருக்கும்போது மகள் போடவேண்டுமென்றால் அப்பா முதலில் துண்டிக்கவேண்டும். அப்பா மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தால், ஸ்பீக்கரின் புளூடூத் பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால் அவர் போன் கழன்றுவிடும்.

இதே டி-20 இரண்டு இருந்தால் இடது, வலது என்று சேர்த்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் இடையே ஐந்து மீட்டருக்குள் இருக்கட்டும். மூன்றாவது சேராது. எங்களிடமே வாங்கிய பழைய டி-10 உடனும் சேராது, வேறு கம்பெனி ஸ்பீக்கருடனும் சேராது. புளூடூத் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்பார்கள். போனோடு பேசும் மொழி ஒன்றுதான், ஸ்பீக்கர்கள் தங்களுக்குள் பேசுவது அந்தந்தக் கம்பெனி வைத்துக்கொண்ட பாஷை.

30 மீட்டர் என்ற எண் எங்களுக்குக் கிடைக்கவேயில்லை. பாடாங் கோத்தா லாமா திடலில் காலை ஏழு மணிக்கு, நடுவில் ஆளில்லாமல், 17 மீட்டரில் விட்டு விட்டுப் பாடியது. வீட்டில் ஒரு செங்கல் சுவர் குறுக்கே வந்தால் 6 மீட்டர். போனைப் பின் பாக்கெட்டில் வைத்துத் திரும்பி நின்றால் இன்னும் குறையும், மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும். வைபை பெட்டிக்கு ஒட்டி வைத்தாலும் திக்கும், இரண்டும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதையில் போவதால்.

படம் பார்ப்பவர்களுக்கு: போனில் யூடியூப் பார்த்தால் உதடும் குரலும் ஒத்துப்போகிறது. சில டிவிகளோடு இணைத்தபோது குரல் கால் விநாடி அளவுக்குப் பின்தங்கியது. கேம் விளையாடவும் கீபோர்டு வாசிக்கவும் உதவாது. 3.5 மி.மீ. வயர் துளையும் மைக் துளையும் இல்லாததால் கராவோக்கே கிடையாது.

வாங்குவது

பெட்டியில் ஸ்பீக்கர், டைப்-சி வயர், மாட்டும் கயிறு, தமிழில் நாங்கள் அச்சடித்த ஒரு தாள். விலை 149 வெள்ளி, இரண்டாக எடுத்தால் 280. ஆறு மாதத்துக்குள் பேட்டரியோ இணைப்போ தகராறு செய்தால் மாற்றித் தருகிறோம். தண்ணீர் புகுந்தது என்று வந்தால் ரப்பர் மூடி பிய்ந்திருக்கிறதா, உடம்பில் விரிசல் இருக்கிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்த்துவிட்டு, இரண்டும் இல்லையென்றால் அதையும் மாற்றுவோம். மணலுக்கும் கடல் உப்புக்கும் மாற்றுவதில்லை.

கடையில் ஒன்று எப்போதும் சார்ஜோடு இருக்கும். உங்கள் போனையும் உங்களுக்குப் பழக்கமான பாட்டையும் கொண்டுவந்து முழுச் சத்தத்தில் போட்டுக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், தெருவில் எல்லாக் கடையும் பாட்டுப் போடும் நேரத்தில் எந்த ஸ்பீக்கர் பாடுகிறது என்று எங்களுக்கே தெரியாது.