விடுதி மெஸ்ஸில் வீணாகும் உணவைக் குறைத்தல்: ஆறாம் பருவப் புராஜெக்ட் அறிக்கை

திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள எங்கள் பாலிடெக்னிக்கின் ஆண்கள் விடுதியில் 186 பேர் தங்கியிருக்கிறோம். மெஸ் டிவைடிங் சிஸ்டத்தில் நடக்கிறது. மாதச் செலவை ஆள் கணக்கில் பிரித்துவிடுவதால், கொட்டுகிற சோற்றுக்கும் நாங்கள்தான் காசு கொடுக்கிறோம். ஆனால் யாருக்கும் அது உறைத்ததில்லை. கழிவுத் தொட்டியில் சேர்வதைப் பன்றி வளர்ப்பவர் ஒருவர் தினமும் வந்து எடுத்துக்கொள்வார். "வீணாப் போகலையே, பன்றிக்குத்தானே போகுது" என்பதுதான் விடுதியில் பொதுவான பேச்சு.

பசங்க தட்டில் நிறைய வைத்துக்கொண்டு கொட்டுகிறார்கள், அதை நிறுத்தினால் போதும் என்று நினைத்துத்தான் நாங்கள் நால்வரும் இந்தப் புராஜெக்டை எடுத்தோம். 'உணவை வீணாக்காதீர்' என்று போஸ்டர்கூட அச்சடித்துவிட்டோம். எடை போட்ட பிறகு கதை வேறாக இருந்தது.

எடை போட்ட விதம்

2025 பிப்ரவரி 3 முதல் மார்ச் 2 வரை நான்கு வாரம் எடை போட்டோம். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றவில்லை, அளந்தோம், அவ்வளவுதான். பட்டறையிலிருந்து வாங்கிய எடை மெஷினை கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து மூன்று வாளி போட்டோம். ஒன்றில் தட்டு மிச்சம். இன்னொன்றில் எலும்பு, முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை மாதிரி யாராலும் தின்ன முடியாதவை; இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாவது, பரிமாறாமல் பாத்திரத்திலேயே நின்றுபோன அண்டா மிச்சம்.

முந்தின நாள் ஒத்திகையில் ஒரு தப்பு நடந்தது. பசங்க தட்டில் தண்ணீர் ஊற்றி அலசி அப்படியே வாளியில் கவிழ்த்தார்கள். எடை எகிறிவிட்டது. அப்புறம் வாளியின் மேல் ஒரு சல்லடையை வைத்து, கையால் வழித்துப் போடச் சொன்னோம். மூன்று வேளையும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. இந்தப் புராஜெக்டில் கஷ்டமான வேலை அதுதான்.

கண்டது

முதல் இரண்டு வாரத்தில் தட்டு மிச்சம் நாளுக்குச் சராசரி 14.2 கிலோ. அண்டா மிச்சம் 17.6 கிலோ. தைப்பூச விடுமுறையான 11ஆம் தேதியை இதில் சேர்க்கவில்லை. பாதிப் பேர் பழனிக்கு நடந்து போயிருந்தார்கள், சமையல் மட்டும் எல்லாருக்கும் ஆகியிருந்தது. அதையும் சேர்த்தால் பின்னால் நாங்கள் குறைத்தது பெரிதாகத் தெரியும். அது நியாயம் இல்லை.

அண்டா மிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு இரவுக்குள் வந்தது. வெள்ளி மாலை சுமார் 60 பேர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மாஸ்டரிடம் யாரும் சொல்வதில்லை. அவர் வழக்கம்போல ஆளுக்கு 150 கிராம் அரிசி என்று 186 பேருக்கும் உலை வைக்கிறார். 60 பேருக்கு 9 கிலோ அரிசி. வெந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வெள்ளி இரவில் மட்டும் சராசரி 24 கிலோ தக்காளி சாதம் மிஞ்சியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தட்டு மிச்சத்தில் புதன் காலை உப்புமாதான் முதலிடம், 6.8 கிலோ. திங்கள் பொங்கல் வெறும் 2.1 கிலோ. உப்புமா பிடிக்கவில்லை போல என்று எழுதிவிட இருந்தோம். நல்லவேளை கேட்டோம். அன்றைக்குச் சட்னி கிடையாது, சர்க்கரை மட்டும்தான் என்றார்கள்.

மாற்றியது

வியாழன் இரவு தட்டு எடுக்கும் இடத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். ஊருக்குப் போகிறவர்கள் அறை எண்ணையும் எந்த வேளை இருக்க மாட்டார்கள் என்பதையும் எழுத வேண்டும். முதலில் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பார்த்தோம், பாதிப் பேர் பதிலே போடவில்லை. சோறு வாங்கும் நேரத்தில் கண்ணெதிரே நோட்டு இருந்தால் எழுதிவிடுகிறார்கள்.

மதியச் சோற்றை மாஸ்டர் இரண்டு தடவையாக வடிக்கச் சம்மதித்தார். கடைசி 5 கிலோ அரிசியை, வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். "கடைசியில வர்றவனுக்குச் சோறு இல்லைன்னா என்னைத்தான் திட்டுவாங்க" என்று முதலில் தயங்கினார். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் கூடுதலாக ஆக்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. உப்புமாவுக்குத் தேங்காய்ச் சட்னி சேர்ந்தது. சோறு முதல் தடவை ஒரு கரண்டி, வேண்டுமானால் எத்தனை தடவையும் வாங்கலாம் என்று ஆனது.

பலன்

கடைசி இரண்டு வாரத்தில் தட்டு மிச்சம் 10.9 கிலோவாகவும் அண்டா மிச்சம் 7.3 கிலோவாகவும் குறைந்தது. மொத்தத்தில் நாளுக்கு 31.8 கிலோவிலிருந்து 18.2 கிலோ, ஆளுக்கு 171 கிராமிலிருந்து 98 கிராம். ஒருவன் எடை மெஷினோடு பக்கத்தில் நின்றால் யாரும் கொஞ்சம் பார்த்துத்தான் கொட்டுவார்கள், ஆகவே தட்டுக் கணக்கை நாங்கள் முழுதாக நம்பவில்லை. அண்டாக் கணக்கில் அந்தச் சந்தேகம் இல்லை.

ஞாயிறு இரவுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. ஊரிலிருந்து திரும்புகிறவர்களில் சிலர் வீட்டிலேயே சாப்பிட்டு வருகிறார்கள், சிலர் கடைசிப் பஸ்ஸில் பசியோடு வந்து இறங்குகிறார்கள். யார் எப்படி என்று வியாழக்கிழமை நோட்டில் அவர்களாலேயே எழுத முடிவதில்லை. மார்ச் 2ஆம் தேதி இரவும் 11 கிலோ மிஞ்சியது.