மடியில் விழும் அளவு: ஒரு ஆசீர்வாதக் கூட்டத்தின் துண்டுப் பிரசுரத்தை வாசித்தல்

சமயச் சமூகவியல் கருத்தரங்கில் வாசிக்க நான் எடுத்துக்கொண்ட பனுவல் ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம். ஓணத்துக்கு முந்தைய வாரம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாறு பஸ் நிலையத்தில் கையில் திணிக்கப்பட்டது. மூன்று நாள் ஆசீர்வாதக் கூட்டம். மேலே ஊழியக்காரரின் படம். கீழே ‘விதைப்புக் காணிக்கை’ ஐந்நூறு, ஆயிரம், ஐயாயிரம் என மூன்று படிகளில். ஐயாயிரம் விதைப்பவர்களுக்கு ஜெப எண்ணெய்க் குப்பியும் தனி ஜெபமும் உண்டு. நடுவில் தடித்த எழுத்தில் லூக்கா 6:38: “கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்; அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து, உங்கள் மடியிலே போடுவார்கள்.”

முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் ஓணத்தை ஒட்டித்தான் போனஸ் கைக்கு வரும். மளிகைக் கடைக்காரரும் சீட்டுப் பிடிப்பவரும் தவணைக்காரரும் அந்த நாளை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அந்த வரிசையில் கூட்டமும் வந்து நிற்கிறது. கூட்டத்தை நடத்துகிறவர்களின் பக்தி பொய் என்று நான் சொல்லவில்லை. தொழிலாளியின் பணம் எந்த வாரத்தில் புரளும் என்பதைத் தெரிந்தே தேதி குறிக்கப்படுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

விதைப்புக் காணிக்கை என்ற சொல்லுக்கு ஒரு பயண வரலாறு உண்டு. ‘விசுவாச விதை’ என்ற கருத்தைப் பரப்பியவர் அமெரிக்கப் போதகர் ஓரல் ராபர்ட்ஸ். கேட்டதைப் பெற்றாயிற்று என்று வாயால் அறிக்கையிட்டால் அது கிடைக்கும் என்ற போதனை ஈ. டபிள்யூ. கென்யனிடம் வேர்விட்டு, கென்னத் ஹேகின் வழியாகப் பெரும் இயக்கமானது. கொரியாவில் போதகர் டேவிட் யாங்கி சோ இரட்சிப்பு, சுகம், செழிப்பு மூன்றையும் ஒரே ஆசீர்வாதமாகக் கட்டினார். 2014இல் சபைப் பணத்துக்கு நட்டம் விளைவித்த வழக்கில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. கிறிஸ்தவத்துக்குள்ளிருந்தே எதிர்ப்பும் எழுந்தது. உலகளாவிய சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் லோசான் இயக்கத்தின் இறையியல் குழு கானாவில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் கூடி இந்தப் போதனையைக் கடுமையாக மறுத்தது.

இந்த வரலாறு மட்டும் வண்டிப்பெரியாற்றை விளக்கிவிடாது. அமெரிக்கப் புறநகரில் செழிப்பு என்றால் இரண்டாவது கார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றை அறைக்குள் மூன்று தலைமுறை உறங்கும் வீட்டில் அதே சொல் ஒழுகாத கூரையைக் குறிக்கிறது.

என் பாட்டனின் தகப்பனைத் திருநெல்வேலியிலிருந்து மலைக்குக் கொண்டுவந்தது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் முன்பணம். வாங்கிய முன்பணம் கடனாகும். கடன் தீரும்வரை இறங்க முடியாது. கணக்குப் புத்தகம் கங்காணியின் கையில். விதைப்புக் காணிக்கை இதைத் தலைகீழாகத் திருப்புகிறது. இங்கே முன்பணம் கொடுப்பவள் தொழிலாளி, கடன்பட்டவர் கடவுள். தலைமுறைதோறும் வாங்கும் கையாகவே இருந்தவளுக்குக் கொடுக்கும் கையாவது எத்தனை பெரிய மாற்றம் என்பதை உணராமல் இந்தக் கூட்டங்களை யாராலும் புரிந்துகொள்ள முடியாது. கொடை பெற்றவன் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்று 1925இல் பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் எழுதியதை, அவர் பெயரே கேள்விப்படாத பெண்கள் காணிக்கை உறையை நெஞ்சோடு அணைத்தபடி நம்புகிறார்கள். ஆனால் கணக்குப் புத்தகம் இன்னமும் வேறொருவர் கையில்தான். ஆசீர்வாதம் வராவிட்டால் தவறு கடன்பட்டவருடையது ஆவதில்லை. ‘உன் விசுவாசம் குறைவு’ என்ற விடை தயாராக இருக்கிறது. கடன் மறுபடி அவள் தலையிலேயே ஏறுகிறது.

லயத்துச் சீட்டோடு இதை ஒப்பிட்டால் தெளிவாகும். சீட்டில் இருபது பேர், இருபது மாதம், எடுக்கும் தேதி, ஏமாற்றினால் வாசலில் போய்க் கேட்கும் உரிமை. விதைப்பில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

கூட்டத்தின் இரண்டாம் நாள் சாட்சி நேரத்தில் என் பெரியம்மா மேடை ஏறினார். அவர் வேலைசெய்த தோட்டத்தை நிர்வாகம் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நிலுவையில் கிடந்த கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையில் ஒரு பகுதி அவருக்கு அந்த ஆண்டு கிடைத்தது. “ஆயிரம் ரூபாய் விதைத்தேன், ஆண்டவர் என் கிராஜுவிட்டியைத் தந்தார்” என்றார். பந்தல் முழுக்க அல்லேலூயா. நானும் அழுதேன். அந்தப் பணத்துக்காக அவர் எத்தனை முறை தொழில் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். அவர் வேலைசெய்த காலத்தில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதி பெற்ற தொழிலாளிக்குப் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி உரிமை. அது அருளும் இல்லை, அறுவடையும் இல்லை. ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த பணம். சாட்சியாக மாறும்போது அந்த உரிமை அற்புதமாகிவிடுகிறது. மனு எழுதியவரும், சங்கமும், சட்டமும், இத்தனை ஆண்டுகள் கொடுக்காமல் இருந்த முதலாளியும் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். வசதியுள்ளவர் தம் நற்பேறு தமக்குத் தகுந்ததே என நம்ப விரும்புகிறார் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் எழுதினார். இங்கே நடப்பது அதைவிடக் கொடுமை. தனக்குச் சேர வேண்டியதைத் தாமதமாகப் பெற்றவள், அதைத் தகுதியற்ற தனக்கு வந்த தயவு என்று நன்றி சொல்கிறாள். 2015 செப்டம்பரில், இதே மாவட்டத்தின் மூணாற்றில், போனஸ் வெட்டப்பட்டபோது தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு சாலையை மறித்து 20 சதவீதத்தைப் பெற்றார்கள். அவர்களில் ஜெபிக்கிறவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பணம் யாரிடமிருந்து வர வேண்டும் என்பதில் அன்று யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கொலம்பியாவில் சுவிசேஷ சபைகளில் சேர்ந்த ஆண்கள் குடியை விட்டு வருமானத்தை வீட்டுக்குத் திருப்பியதை மானுடவியலாளர் எலிசபெத் புருஸ்கோ காட்டினார். எங்கள் லயத்திலும் அப்படி மீண்ட வீடுகள் உண்டு. பெரியப்பா குடியை விட்டது ஒரு உபவாச ஜெபத்துக்குப் பிறகுதான். வழிபாட்டுக்கு விலைப்படி வைப்பதும் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. திருப்பதியில் ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை தந்தால் விஐபி தரிசனம். வேறுபாடு ஒன்றுண்டு: அங்கே விற்கப்படுவது வரிசையில் ஓர் இடம், அது கையில் கிடைத்தும் விடுகிறது. இங்கே விற்கப்படுவது ஒரு எதிர்காலம்.

இனி அந்த வசனம். 38ஆம் வசனம் தனியாக அச்சிடப்பட்டிருக்கிறது, அதே அதிகாரத்தில் நான்கு வசனங்களுக்கு முன் இயேசு கேட்கிறார்: “திரும்பக் கொடுப்பார்களென்று நம்பி நீங்கள் கடன்கொடுத்தால், உங்களுக்குப் பலன் என்ன?” அடுத்ததில் “கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்” என்கிறார். இன்னும் மேலே போனால் 20ஆம் வசனத்தில் தரித்திரர் பாக்கியவான்கள். 24இல் ஐசுவரியவான்களுக்கு ஐயோ. அதிகாரம் முழுவதும் கொடுக்கல் வாங்கல் கணக்கை உடைக்கிறது. பிரசுரம் அதன் ஒரு வரியை வெட்டி அதே கணக்கை நிலைநிறுத்துகிறது. மேடைகளில் ஓயாமல் சொல்லப்படும் ஏழை விதவையின் இரண்டு காசுக் கதைக்கும் இதே கதிதான். மாற்குவில் அந்தக் கதைக்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. அந்த எச்சரிக்கையை மேடையில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

இந்தக் கட்டுரையைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிராஜுவிட்டி பற்றிய பகுதி அவருக்குப் பிடிக்கவில்லை, “ஆண்டவர் தராமல் அந்த அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பாரா?” என்றார். 34ஆம் வசனத்தை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். முப்பது வருடம் கொழுந்து பறித்து எடைபோடக் கொடுத்தவர். சாக்கின் எடை, ஈரத்தின் எடை என்று கழித்த கிலோக்களை இன்றும் மறக்காதவர். “அமுக்கிக் குலுக்கி அளப்பதை மட்டும் சொன்னார்கள், இதை ஏன் விட்டார்கள்?” என்று கேட்டுவிட்டு, தம் பைபிளில் அந்த இடத்தில் பழைய பஸ் டிக்கெட் ஒன்றைச் செருகி வைத்தார்.