குன்றக்குடி முதல் பழனி வரை: நடைக் காவடிச் சிந்து

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நடக்கிற நம் கூட்டத்துக்காகக் கட்டிய பாட்டு இது. மெட்டு: தன்னன தன்னன தன்னன தானா. முன்னால் போகிறவர் இரண்டடி பாடட்டும். மற்றவர்கள் எடுப்பைப் பிடியுங்கள். கோடு போட்ட இடத்துத் தனிச்சொல்லை இழுக்காமல் துள்ளவிட்டால்தான் கால் தானாக எழும்.

எடுப்பு

ஆடுது காவடி ஆடுது பாரு – பழனி
ஆண்டவன் வாசலைத் தேடுது பாரு!

புறப்பாடு

குன்றக் குடிமலை தோகை விரிக்க – நல்ல
கும்பிடும் கைகளில் நீறு மணக்க
சென்றிடும் பாதையில் சங்கு முழங்க – கூடச்
சேகண்டி மேளமும் ஓசை எழும்ப (ஆடுது)

வழிநடை

சிங்கம் புணரியைத் தாண்டி நடப்போம் – இரவு
சேர்ந்தொரு பந்தலில் மெல்லப் படுப்போம்
பொங்கும் பனியில் கருக்கலில் விழிப்போம் – வெள்ளி
பூக்குமுன் வேலனைக் கூவி அழைப்போம் (ஆடுது)

நத்தம் வழிநெடுஞ் சாலையின் ஓரம் – சுக்கு
நறுமணக் காப்பியில் நீங்கிடும் பாரம்
பித்தம் தெளிந்திடும் கால்வலி தீரும் – அப்புறம்
பேசிய படியே ஊர்பல மாறும் (ஆடுது)

கால்கொப் புளம்கண்டால் எண்ணெய் இடுவார் – பெற்ற
தாய்போல் நமைஅந்தத் தாய்மார் தொடுவார்
பால்பழம் தந்தங்குப் பந்தி விரிப்பார் – நம்
பாதத்தில் மஞ்சள்நீர் ஊற்றிச் சிரிப்பார் (ஆடுது)

இடும்பன் கதை
(கால் தளர்கிற பிற்பகலில் இதைப் பாடுங்கள். தோள் பாரம் தெரியாது.)

சத்தி கிரிசிவ கிரியெனத் தூக்கி – தண்டில்
சரிபாதி யாய்ப்பாரம் தோளினில் தேக்கி
வைத்த இடத்தினில் வேரென ஊன்ற – குன்றில்
வாலக் குமாரன் சிரித்தங்கு தோன்ற

அடித்துப் பிடித்த இடும்பனும் வீழ்ந்தான் – அப்பன்
அருள்பட்ட தும்அவன் வாசலில் வாழ்ந்தான்
என்போல் எவர்தண்டு தூக்கிடும் வேளை – ஐயா
ஏனென்று கேளென்று பற்றினான் தாளை (ஆடுது)

மலை கண்டதும்

திண்டுக்கல் கோட்டையைச் சுற்றி நடந்து – ஒட்டன்
சத்திரம் சந்தையின் சத்தம் கடந்து
கண்டுகொள் கண்டுகொள் மேற்கினில் அங்கே – எங்கள்
கந்தன் மலைவிளக்கு! இருட்டினி எங்கே! (ஆடுது)

அடிவாரமும் படியும்
(படியில் மெட்டைப் பாதி வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், வயதானவர்கள் யானைப் பாதையில் வரட்டும்.)

சண்முக ஆற்றில் முழுகி எழுவோம் – அடி
வாரத்தில் ஆவினன் குடியில் தொழுவோம்
பொன்மலை சுற்றி வலம்வரு வோமே – இடும்பன்
பூசை முடித்துப் படிதொடு வோமே

ஏறு படிக்கொரு வேல்வேல் பாடி – மூச்சு
ஏறினால் நில்லுங்கள், அப்புறம் ஆடி! (ஆடுது)

சன்னதி

போகர் வடித்ததிரு மேனியைப் பார்த்து – நவ
பாடாணக் கட்டினைக் கண்களில் சேர்த்து
ஆகம் குளிர அபிஷேகப் பாலை – தந்து
ஆண்டிக்குச் சூட்டுவோம் சாமந்தி மாலை

வாழைப் பழம்நெய்யும் சர்க்கரை தேனும் – கூடப்
பேரீச்சை கற்கண்டும் ஏலமும் வேணும்
ஊழி முழுவதும் நாவினில் ஊறும் – பஞ்சா
மிர்தத்தைக் கையேந்த நம்பசி ஆறும்!

ஆடுது காவடி ஆடுது பாரு – பழனி
ஆண்டவன் வாசலைத் தேடுது பாரு!

வெற்றிவேல் முருகனுக்கு – அரோகரா!
தண்டாயுத பாணிக்கு – அரோகரா!